கம்பு எந்த இடத்தில் திணறுகிறது? ஒற்றைக்கை முன்வட்டத்தில் வரும் கோளாறுகளும் சரிசெய்யும் முறையும்

சிலம்பம் கற்க வருபவர்கள் முதலில் முட்டிக்கொண்டு நிற்கும் இடம் ஒற்றைக்கை முன்வட்டம். கம்பை நடுவில் ஒரே கையால் பிடித்து, நெஞ்சுக்கு முன்னால் சக்கரமாகச் சுற்றுவது. இதற்கு ஆசானுக்கு ஆசான் பெயர் மாறும். சென்னையிலேயே வடசென்னையில் ஒரு பெயர், தென்சென்னையில் ஒரு பெயர் கேட்டிருக்கிறேன். பெயர் எதுவானாலும் கோளாறுகள் ஒன்றுதான். கம்பு திணறும், நழுவும், சாயும், தோள் வலிக்கும். உடனே எல்லோரும் சொல்வது: "கையில பலம் பத்தல." பெரும்பாலும் காரணம் அது இல்லை. ஒரு தசையிடமிருந்து அடுத்த தசை வேலையை வாங்கிக்கொள்ளும் இடத்தில்தான் பிசகு இருக்கும். அந்த இடம் எது என்பதைக் கம்பே காட்டிக்கொடுக்கும். பார்க்கத் தெரிந்தால் போதும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது இந்த ஒரு வட்டத்தை மட்டும். வலது கை, வலஞ்சுழி. அதாவது சுற்றுகிறவரின் கண்ணுக்குக் கடிகார முள் போகும் திசை. கட்டைவிரல் பக்கம் இருக்கும் முனையில் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டிக்கொள்ளுங்கள். இனி அந்தச் சிவப்பு முனை 6 மணியில் இருக்கிறது, 9 மணியில் இருக்கிறது என்று சொன்னால் எங்கே என்று புரியும்.

வட்டத்தை யார் சுற்றுகிறார்கள்

"மணிக்கட்டைச் சுத்து" என்று நாங்கள் எல்லோருமே சொல்லிக்கொடுக்கிறோம். சொல் வசதியானது, ஆனால் மணிக்கட்டு மூட்டு அப்படிச் சுழலாது. அது மேலும் கீழும் மடங்கும், இரண்டு பக்கமும் சாயும், அவ்வளவுதான். உள்ளங்கையைத் திருப்புவது முன்கை. அங்கே இரண்டு எலும்புகள் இருக்கின்றன; கட்டைவிரல் பக்கத்து எலும்பு மற்றதன் மேல் குறுக்காக உருளும்போது உள்ளங்கை கவிழ்கிறது, திரும்ப உருளும்போது மல்லாந்து வருகிறது. சந்தேகம் இருந்தால் வலது முன்கையை, மணிக்கட்டுக்குச் சற்று மேலே, இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள். கொஞ்சம்தான் அசையும்.

இந்த முன்கைத் திருப்பம் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை ஏறத்தாழ 160 முதல் 180 பாகை. கம்புக்கோ 360 பாகை வேண்டும். மீதியை வேறு யாராவது கொடுத்தாக வேண்டும். கோளாறுகள் எல்லாம் இந்த மீதிக்குள்தான் இருக்கின்றன.

மெதுவாகக் கம்பைச் சுற்றிப் பாருங்கள். சிவப்பு முனை 6 மணியில், அதாவது கட்டைவிரல் தரையைப் பார்த்து இருக்கும்போது முழங்கை பக்கவாட்டில் உயர்ந்திருக்கும். அங்கிருந்து 9 மணிவரை கம்பைக் கொண்டுவருவது தோள்: முழங்கை இறங்க இறங்கக் கம்பு தானாகத் திரும்புகிறது. 9 மணியில் உள்ளங்கை கவிழ்ந்திருக்கிறது. அங்கிருந்து 12 வழியாக 3 மணிவரை முன்கையின் வேலை. உள்ளங்கை கவிழ்ந்த நிலையிலிருந்து மல்லாந்த நிலைக்கு வருகிறது. இந்தப் பாதியில்தான் கம்புக்கு வேகம் ஊட்ட வேண்டும், ஏனென்றால் உள்ளங்கையை மல்லாத்தும் தசைகளில் மிகப் பெரியதான பைசெப்ஸ் இங்கே முழுமையாக உழைக்கிறது. முழங்கை ஏறத்தாழச் செங்கோணத்தில் மடங்கியிருக்கும்போது பைசெப்ஸ் இந்த வேலையை மிக நன்றாகச் செய்யும்; கையை நீட்டிவிட்டால் அதன் உதவி குறைந்துவிடும்.

3 மணியைத் தாண்டியதும் முன்கை கோடிக்கு வந்துவிட்டது. முழங்கையை விலாவுக்கு முன்னால் உள்ளே இழுத்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும். அதற்கப்புறம் விரல்கள்தான். சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் மூன்றும் திறக்க, கம்பு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் உருள, கை திரும்பி வந்து மறுபடி பிடிக்கிறது. அந்தக் கணத்தில் கம்பை யாரும் தள்ளுவதில்லை. ஏற்கெனவே ஊட்டிய வேகத்தில் அது தானே போகிறது.

தசையைப் பார்க்கும் முன் கம்பைப் பாருங்கள்

கம்பு ஆளின் நெற்றி உயரம் இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். பெரியவர்களுக்கு ஐந்தரை அடி கம்பு சுமார் அரைக் கிலோ இருக்கும். அண்ணன் கம்பைத் தம்பிக்குக் கொடுத்து அனுப்பும் வீடுகள் நிறைய. பருமன் ஒன்றாக இருந்தால், 4 அடிக் கம்பைச் சுழலவைப்பதைவிட ஐந்தரை அடிக் கம்பைச் சுழலவைப்பது இரண்டரை மடங்குக்கும் மேல் கடினம். எடை கூடுவதோடு அந்த எடை கையிலிருந்து தள்ளியும் போய்விடுகிறது. பிள்ளைக்குக் கை வரவில்லை என்று சொல்லும் முன் இதைக் கவனியுங்கள்.

அடுத்து, கம்பைச் சமதரையில் உருட்டிப் பாருங்கள். வளைந்த கம்பு தடதடவென்று உருளும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஈரச் சுவரில் சாய்த்து வைத்த மூங்கில் இப்படி வளைந்துவிடுவது சகஜம். வளைந்த கம்பு ஒவ்வொரு சுற்றிலும் கையை ஒருமுறை உதறும். அந்த உதறலைத் தசையின் குறையாக நினைத்து மாதக்கணக்கில் உழைப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, நடு. கண்ணுக்குத் தெரியும் நடு வேறு, எடை நடு வேறு. மூங்கிலும் பிரம்பும் ஒரு முனையில் பருத்து மறுமுனையில் மெலிந்துதான் வரும். ஒற்றை விரல்மேல் கம்பைக் கிடத்தி, இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தில் பேனாவால் கோடு போடுங்கள். பிடி அந்தக் கோட்டின்மேல் இருக்க வேண்டும். அரைக் கிலோ கம்பை அந்தக் கோட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளிப் பிடித்து நொடிக்கு 2 சுற்று சுற்றினால், ஏறத்தாழ 800 கிராம் அளவுக்கு ஓர் இழுவை கையைப் பிடித்து இழுக்கும், அதுவும் கம்போடு சேர்ந்து நாலா திசைக்கும் மாறி மாறி. 3 சுற்றுக்குப் போனால் அதே இழுவை 1.8 கிலோவை நெருங்கும். வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்கு. கோட்டின்மேல் பிடித்தவருக்கு இந்த இழுவையே இல்லை.

கோளாறு: ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் கம்பு திணறுகிறது

இதுதான் அதிகம் வருவது. காதை வைத்தே கண்டுபிடிக்கலாம். நல்ல வட்டம் ஒரே சீராக விர்ரென்று கேட்கும். திணறும் வட்டம் விர்... விர்... என்று விட்டு விட்டு மூச்சு வாங்கும். எந்த இடத்தில் திணறுகிறது என்பது காதுக்குத் தெரியாது. அதற்கு ஃபோன் வேண்டும். நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இப்போது நிறைய ஃபோன்களில் இருக்கிறது. நேர் எதிரில், நெஞ்சு உயரத்தில், கம்பு எட்டாத தூரத்தில் ஃபோனை நிறுத்துங்கள். எதிரிலிருந்து எடுப்பதால் படத்தில் 3-ம் 9-ம் இடம் மாறித் தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரு சுற்றை நாலு காலாகப் பிரித்து, ஒவ்வொரு காலுக்கும் எத்தனை படம் ஆகிறது என்று எண்ணுங்கள். நொடிக்கு 2 சுற்று சீராகச் சுற்றினால் ஒவ்வொரு காலுக்கும் 30 படம் வர வேண்டும்.

தரமணியில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு பெண் திருவான்மியூர் கடற்கரையில் காலைப் பயிற்சிக்கு வருகிறார். காலடி வரிசை அழகாக இருக்கும், முன்வட்டம் மட்டும் வரவில்லை. "மாஸ்டர், எனக்கு முன்கையில பலமே இல்ல, டம்பெல் தூக்கட்டுமா?" என்று கேட்டார். "தூக்கறது அப்புறம் தூக்கலாம்மா, முதல்ல எண்ணிப் பார்ப்போம்" என்று சொல்லிப் படம் எடுத்தோம். எண்ணிக்கை இப்படி வந்தது: 9 முதல் 12 வரை 27 படம், 12 முதல் 3 வரை 28, 3 முதல் 6 வரை 41, 6 முதல் 9 வரை 58. மொத்தம் 154, அதாவது ஒரு சுற்றுக்கு 0.64 நொடி.

இதை எப்படிப் படிப்பது? முன்கை சுற்றும் பாதியில், 9 முதல் 3 வரை, கம்பு நொடிக்கு 2 சுற்றுக்கும் அதிகமான வேகத்தில் போகிறது. பலம் பத்தாத இடம் அங்கே இருந்திருந்தால் அந்த எண்கள்தான் பெரிதாக இருந்திருக்கும். இழுத்துக்கொண்டு போவது 6 முதல் 9 வரை. அது தோளின் கால்பகுதி. படத்தை நிறுத்திப் பார்த்தால் காரணம் பளிச்சென்று தெரிந்தது: அவருடைய முழங்கை விலாவோடு ஒட்டியே இருந்தது, சுற்று முழுக்க. முழங்கை உயராவிட்டால் கட்டைவிரல் 6 மணிக்கு வரவே முடியாது. எனவே விரல் திறந்த பிறகு கை கம்பைச் சந்திக்கக் கீழே போகவில்லை. கம்பு வேகம் இழந்து 8 மணி பக்கம் மிதந்து வரும்வரை காத்திருந்து பிடித்தது. 3 முதல் 6 வரை 41 ஆனது இதன் முன்னோட்டம்தான். கை பிடிக்கப்போகும் இடம் சரியில்லை என்று தெரிந்து விரல்கள் கம்பை விடத் தயங்குகின்றன.

முழங்கையை ஒட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்றால், "கையை அகல விரிக்காதே" என்று தொடக்கத்தில் யாரோ சொன்னதுதான். காப்புக்கு அது நல்ல பாடம். இந்த வட்டத்துக்குப் பொருந்தாது.

சரிசெய்தது இப்படி. முதலில் கம்பைச் சுற்றாமல், நாலு இடத்தில் நிறுத்தி நிறுத்திப் போகச் சொன்னேன். 6 மணியில் நிறுத்து: கட்டைவிரல் கீழே, முழங்கை விலாவிலிருந்து இரண்டு சாண் விலகி, தோள் உயரத்துக்குச் சற்றுக் கீழே. 9 மணியில் நிறுத்து: முழங்கை இறங்கி ஒரு சாண் தூரத்தில். 12-ல் நிறுத்து: முழங்கை விலாவுக்குப் பக்கத்தில், கட்டைவிரல் வானத்தைப் பார்த்து. 3-ல் நிறுத்து: உள்ளங்கை மல்லாந்து, முழங்கை வயிற்றுப் பக்கம் உள்ளே. பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு முழங்கை ஒரு சின்ன முட்டை வடிவம் வரைவது தெரிய வேண்டும். கம்பு சுற்றும் வட்டத்துக்குள் முழங்கைக்கும் ஒரு சிறு சுற்று உண்டு என்பதை உடம்பு புரிந்துகொள்ள இதுவே போதும்.

பிடி மாறும் பகுதியைத் தனியாக, இரண்டடித் துண்டுக் கம்பில் பழகினார். நீளம் குறைவு என்பதால் மெதுவாகவும் செய்யலாம், விழுந்தாலும் காலில் அடிபடாது. 3 மணியில் விரல் மூன்றும் திற, கம்பு இடுக்கில் உருளட்டும், அதே நேரம் முழங்கையைத் தூக்கு, 6 மணியில் பிடி. முழங்கை உயர்வதும் விரல் திறப்பதும் ஒன்றாகத் தொடங்க வேண்டும். விரல் திறந்த பிறகு முழங்கையைத் தூக்கினால் ஏற்கெனவே நேரமாகிவிட்டது.

சில வாரம் கழித்து அதே இடத்தில் எடுத்த படத்தில் எண்ணிக்கை: 9 முதல் 12 வரை 28, அடுத்தது 27, அடுத்தது 33, 6 முதல் 9 வரை 31. மொத்தம் 119; ஒரு சுற்றுக்கு அரை நொடி. முன்கையின் எண்கள் மாறவே இல்லை. டம்பெல் தூக்கியிருந்தால் மாறியிருக்கக்கூடியவை அந்த எண்கள்தான். கம்பு திணறுவது அப்படியே இருந்திருக்கும்.

உங்கள் எண்ணிக்கையில் வேறு கால்பகுதி பெரிதாக இருந்தால் காரணமும் வேறு. 9 முதல் 3 வரை மந்தமாக இருந்தால் முழங்கையின் மடிப்பைப் பாருங்கள். கை முன்னால் நீண்டுபோய் பைசெப்ஸ் சும்மா இருக்கிறதா? செங்கோணத்துக்குக் கொண்டுவாருங்கள். 3 முதல் 6 வரை மட்டும் பெரிதாக இருந்தால் விரல்கள் விட மறுக்கின்றன. அடுத்த பகுதி அதைப் பற்றியதுதான்.

கோளாறு: முன்கை எரிகிறது, கொஞ்ச நேரத்தில் கம்பு நழுவுகிறது

உள்ளங்கையைப் பாருங்கள். விரல்கள் தொடங்கும் வரிசையில் நாலு இடத்திலும் காய்ப்பு கனமாக இருந்து, கட்டைவிரல் இடுக்கில் தோல் பஞ்சு மாதிரி மெதுவாக இருந்தால் நீங்கள் கம்பை நெரித்துப் பிடிக்கிறீர்கள். இடுக்கில் கம்பு உருளவே இல்லை. நன்றாகச் சுற்றுபவர் கையில் இடுக்கில்தான் தோல் தடித்திருக்கும்.

நெரித்துப் பிடித்தால் ஏன் எரிகிறது? விரல்களை மடக்கும் நீளத் தசைகள் முன்கையின் உள்பக்கத்தில் இருக்கின்றன. அவற்றின் நரம்பு போன்ற நாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல்வரை போகின்றன. அவை இழுத்தால் விரலோடு மணிக்கட்டும் உள்ளே மடங்கப் பார்க்கும். அதைத் தடுக்கப் புறங்கைப் பக்கத்துத் தசைகள் எதிர்ப்பக்கம் இழுத்தாக வேண்டும். ஆகவே எவ்வளவு நெரிக்கிறீர்களோ அவ்வளவுக்கு முன்கையின் இரண்டு பக்கமும் இறுகுகிறது. இறுகிய முன்கையில் எலும்பு உருள்வதற்கும் தடை. கம்பைத் திருப்பும் தசை, பிடிக்கும் தசையோடு மல்லுக்கட்டுகிறது.

நழுவுவதற்குக் காரணம் வேறொன்று, ஆனால் இதோடு பிணைந்தது. இப்போதே கையை இறுக முட்டியாக்கி, மணிக்கட்டை உள்பக்கம் முடிந்தவரை மடக்குங்கள். முட்டி தானாகத் தளர்வதை உணர்வீர்கள். மணிக்கட்டு மடங்கியதும் விரல் தசை ஏற்கெனவே சுருங்கிவிட்டது, இன்னும் சுருங்க அதற்கு இடமில்லை. களைத்துப்போன புறங்கைத் தசைகள் விட்டுக்கொடுத்ததும் மணிக்கட்டு இப்படி மடங்குகிறது, பிடி தளர்கிறது, பயந்து இன்னும் நெரிக்கிறீர்கள், இன்னும் சீக்கிரம் களைக்கிறது. மணிக்கட்டு சற்றே புறங்கைப் பக்கம் நிமிர்ந்திருக்கும்போதுதான் பிடிக்கு முழு வலு. 30 பாகை அளவு போதும். கம்பைப் பிடித்த கையைப் பக்கத்திலிருந்து பார்த்தால் புறங்கைக்கும் முன்கைக்கும் நடுவே ஒரு சிறு பள்ளம் தெரியும்.

பழகும் முறை: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையமாகக் கம்பைப் பிடிக்கட்டும். மற்ற மூன்று விரல்கள் கம்பைத் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கட்டும், கம்பு 8 வடிவத்தில் போகும் எட்டு வீச்சை மெதுவாகப் போடுங்கள். எட்டு வீச்சில் ஒரு பக்கம் திரும்பிய உள்ளங்கை மறுபக்கம் திரும்பி வந்துவிடுவதால் பிடியைத் திறக்கத் தேவையில்லை. அதனால் பிடியின் அழுத்தத்தை மட்டும் குறைத்துப் பழக அது ஏற்ற வீச்சு. விரல் மூன்றும் எப்போது இறுக வேண்டும் என்றால், 9 முதல் 3 வரை வேகம் ஊட்டும்போது. மற்ற நேரம் அவை ஓய்வில் இருக்கலாம்.

சென்னை வியர்வைக்கு ஒரு வார்த்தை. காலை ஏழு மணிக்கே கை நனைந்துவிடும் ஊர் இது. வழுக்குகிறது என்று பேட்மிண்டன் மட்டைக்குச் சுற்றும் ரப்பர் நாடாவைக் கம்பின் நடுவில் சுற்றிக்கொள்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்த நாடா கம்பை இடுக்கில் உருளவிடாது. தோலை இழுத்துப் பிடிக்கும், 3 மணித் திணறல் நிரந்தரமாகிவிடும். இடுப்பில் ஒரு பருத்தித் துண்டு செருகிக்கொள்ளுங்கள், கையையும் கம்பையும் அடிக்கடி துடையுங்கள். கம்புக்கு எண்ணெய் போட்டால் முதல் நாள் இரவே போட்டு, காலையில் நன்றாகத் துடைத்துவிட்டு எடுங்கள்.

கோளாறு: வட்டம் சாய்கிறது

சக்கரம் நேராக நிற்காமல், மேல்முனை முன்னால் விழுகிறது அல்லது நெஞ்சை நோக்கி வருகிறது. இங்கேதான் உண்மையில் மணிக்கட்டு வருகிறது. வட்டத்தைச் சுற்றுவது அதன் வேலை இல்லை. வட்டத்தை நேராக நிறுத்துவது அதன் வேலை. மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தால் சிவப்பு முனை முன்னால் போகும், கட்டைவிரல் பக்கம் சாய்ந்தால் உங்களை நோக்கி வரும்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பார்த்து நில்லுங்கள், கம்புக்கும் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டு. மிக மெதுவாகச் சுற்றுங்கள். சிவப்பு முனை எந்த மணியில் சுவரைத் தொடுகிறது என்று பாருங்கள். அதிகம் பேருக்கு 12-ல் தொடும். கட்டைவிரல் மேலே இருக்கும் அந்த நிலையில் கை, கம்பு இரண்டின் எடையும் மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் கீழே இழுக்கிறது. தாங்கிப் பிடிப்பவை கட்டைவிரல் பக்கத்துத் தசைகள். அவை களைத்தால் 12-ல் கம்பு முன்னால் சாயும். மேசைமேல் முன்கையை வைத்து, ஒரு சுத்தியலைப் பிடித்து, கட்டைவிரல் மேலே இருக்கும்படி மெதுவாக ஏற்றி இறக்குவது இதற்கு நேரடிப் பயிற்சி. ஒரு நாளைக்குப் பதினைந்து முறை போதும். பலம் வளர்க்க வேண்டும் என்று நான் சொல்லும் இடம் இந்த ஒன்றுதான்.

கம்பு முழங்காலில் இடிப்பதும் சாய்வு என்றே நினைக்கிறார்கள். பல நேரம் அது நிற்கும் நிலையின் கோளாறு. ஒரு கால் முன்னால் இருந்தால் அந்த முழங்கால் வட்டத்துக்குள் வந்துவிடும். வட்டம் படியும்வரை பாதங்களை இணையாக வைத்து நில்லுங்கள், காலடியை அப்புறம் சேர்க்கலாம். மாலையில் கடற்கரையில் பழகுபவர்கள் கடற்காற்றை எதிர்கொண்டு நிற்காமல் பக்கவாட்டில் வாங்கும்படி நின்றால், காற்று சாய்க்கிறதா கை சாய்க்கிறதா என்ற குழப்பம் குறையும்.

கோளாறு: தோள் காதுவரை ஏறுகிறது, கழுத்து பிடித்துக்கொள்கிறது

முழங்கையை உயர்த்துவது தோளை உயர்த்துவது ஆகாது. முழங்கையைப் பக்கவாட்டில் தூக்குவது டெல்டாய்ட் தசை. அது தூக்கும்போது தோள் பந்து கிண்ணத்தின் நடுவிலேயே இருக்கும்படி பிடித்துக்கொள்பவை ரொட்டேட்டர் கஃப் எனப்படும் நாலு சின்னத் தசைகள். இந்த நாலும் திணறும்போதுதான் கழுத்துப் பக்கத்து ட்ரபீசியஸ் ஓடிவந்து தோளையே மேலே தூக்குகிறது.

இந்த நாலும் ஏன் திணறுகின்றன? முதலில் எடை நடுக் கோட்டைச் சரிபாருங்கள். கோட்டை விட்டுத் தள்ளிப் பிடித்தால் வரும் அந்த இழுவை கடைசியில் போய்ச் சேரும் இடம் தோள். நொடிக்கு இரண்டு முறை திசை மாறும் இழுவையை அந்தச் சின்னத் தசைகள் ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டியிருக்கிறது. தோளில் தெரியும் கோளாறு பிடியை ஓரிரு விரற்கடை நகர்த்தியதும் அடங்கிப்போவதை அடிக்கடி பார்க்கிறேன். அதிலும் தீராவிட்டால் நண்பர் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து, வட்டம் தொடங்கும் முன் உங்கள் தோள் உச்சியில் விரலை வைக்கச் சொல்லுங்கள். கம்பில்லாமல், வெறுங்கையால் 6 மணி நிலைக்கு முழங்கையைத் தூக்குங்கள். தோள் விரலைத் தள்ளினால் இறக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

இடஞ்சுழியில் மட்டும் வரவில்லை என்றால்

வலக்கையால் இடஞ்சுழியாகச் சுற்றும்போது உள்ளங்கை மல்லாந்த நிலையிலிருந்து கவிழ்கிறது. கவிழ்க்கும் தசைகள் இரண்டு, ஒன்று முழங்கைக்குக் கீழே, இன்னொன்று மணிக்கட்டுக்குச் சற்று மேலே. பைசெப்ஸ் இதில் உதவாது. ஆகவே வேகம் சற்றுக் குறைவாகத் தெரிந்தால் பதற வேண்டாம். திணறினால் ஒன்றை மட்டும் பாருங்கள்: இங்கே முழங்கை உயர வேண்டியது வேகம் ஊட்டும் பாதி முடிந்த பிறகு, 9 முதல் 6 வரை. பிடி மாறுவதும் 6-ஐ ஒட்டித்தான். வலஞ்சுழியில் பழகியவர்கள் இங்கேயும் 3-ல் விரலைத் திறந்துவிடுகிறார்கள்.

வலி வந்தால்

எரிச்சல் வேறு, வலி வேறு. சுற்றி முடித்த சில நிமிடத்தில் தணிவது தசைக் களைப்பு. மறுநாள் காலையில் பல் துலக்கும்போதும் இருப்பது வலி.

முழங்கையின் வெளிப்புற எலும்பு மேட்டில் வலித்தால், அது நெரித்துப் பிடிப்பதன் விளைவாக இருக்க வாய்ப்பு அதிகம். புறங்கைத் தசைகளின் நாண்கள் ஒட்டியிருக்கும் இடம் அது. கட்டைவிரலை முட்டிக்குள் மடக்கிக்கொண்டு மணிக்கட்டை மெதுவாகச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் கட்டைவிரல் அடியில் சுரீர் என்றால், அங்குள்ள நாண் உறை வீங்கியிருக்கலாம்; நாளெல்லாம் ஃபோனில் கட்டைவிரலால் தட்டுபவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும். கையைப் பக்கவாட்டில் தூக்கும்போது பாதி உயரத்தில் வலித்து, மேலே போனதும் வலி விட்டால் தோளின் அந்தச் சின்னத் தசைகளின் நாண் நசுங்குகிறது என்று சந்தேகிக்கலாம். இந்த மூன்றில் எது இருந்தாலும் ஒற்றைக்கை வட்டத்தை நிறுத்துங்கள், காலடி வரிசையை மட்டும் செய்யுங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் பிசியோதெரபிஸ்ட்டிடம் காட்டுங்கள். விரல் மரத்துப்போவது, இரவில் வலித்து எழுப்புவது, டம்ளர் கையிலிருந்து நழுவுவது, இவற்றில் ஏதாவது இருந்தால் இரண்டு வாரம் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

வலி விட்ட பிறகு ஐந்தரை அடிக் கம்பை உடனே எடுக்க வேண்டாம். 4 அடிக் கம்பில், நாலு இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சுற்றுவதிலிருந்து தொடங்குங்கள். பத்து அடிக்குள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள்: நொடிக்கு 2 சுற்றில் ஐந்தரை அடிக் கம்பின் முனை மணிக்கு ஏறத்தாழ 38 கி.மீ. வேகத்தில் போகிறது, பிடி மாறும் இடத்தில் தப்பினால் அந்த வேகத்திலேயே பறக்கும். வேகத்தை ஏற்றும் முன் மறுபடி ஒரு ஸ்லோமோஷன் எடுத்து எண்ணுங்கள். நாலு கால்பகுதியும் ஐந்தாறு பட வித்தியாசத்துக்குள் வந்தால் நீளக் கம்புக்குப் போகலாம்.